கை நரம்பு அடி, கூடவே எலும்பு முறிவு: ஏழு எம்.சி.க்யூ., முழு விளக்கத்தோடு

நகரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் சித்தூர், திருத்தணி பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் படிக்க வருவார்கள், ஹவுஸ் சர்ஜன்களும் உண்டு, பிசியோதெரபி படிக்கிறவர்களும் உண்டு. எல்லோரும் தடுக்கி விழுவது அநேகமாக ஒரே இடத்தில்தான். எந்த முறிவுக்கு எந்த நரம்பு என்ற பட்டியல் தலைகீழாகத் தெரியும், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் கை நின்றுவிடும். அவர்களோடு உட்கார்ந்து போட்ட கேள்விகளில் ஏழை, போட்ட வரிசையிலேயே இங்கே தருகிறேன். முதல் நான்கும் ஒரே ஆளைப் பற்றியவை, அதனால் நடுவில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்.

1. கேள்விக்குப் போகும் முன்: ஒரே ஒரு படம்

ஒரு வெள்ளைத்தாளில் ரேடியல் நரம்பை மேலிருந்து கீழாக ஒரு கோடாகப் போடுங்கள். அக்குளிலேயே டிரைசெப்ஸுக்கான கிளைகளில் பாதி பிரிந்துவிடும், மீதி ஹியூமரஸின் பின்பக்கம் அந்தப் பள்ளத்தில் போகும்போது பிரியும். அப்புறம் நரம்பு வெளிப்பக்கத்துத் தசைத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வருகிறது, முழங்கையின் வெளிமுனைக்கு மேலே ஏறக்குறைய 10 செ.மீ. உயரத்தில். முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே பிரேக்கியோரேடியாலிஸ், அதை ஒட்டி எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ், இந்த இரண்டுக்கும் கிளை தருகிறது. முழங்கைக்கு முன்னால் வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. மேலோட்டமான கிளை தோலுக்குப் போகிறது. ஆழமானது பி.ஐ.என்., சுபினேட்டர் தசைக்குள் நுழைந்து விரல்களையும் கட்டைவிரலையும் நீட்டும் தசைகளுக்குப் போகிறது.

இதைப் புத்தகம் பார்க்காமல் போட வர வேண்டும். ஏன் இவ்வளவு அடம் என்றால், அடி எந்த உயரத்தில் என்பதைக் காட்டிக்கொடுப்பது செத்துப்போன தசை இல்லை, உயிரோடு இருக்கும் தசை. மணிக்கட்டு தொங்குவது அக்குளில் அடிபட்டாலும் நடக்கும், முழங்கைக்கு மேலே அடிபட்டாலும் நடக்கும். டிரைசெப்ஸ் வேலை செய்கிறதா என்பதுதான் இரண்டையும் பிரிக்கும்.

2. கேள்வியைப் படிக்கும் வரிசை

முதலில் எலும்பு, எந்த எலும்பு, எந்த உயரம் என்று பாருங்கள். அடுத்து, அந்த இடத்தில் எலும்போடு ஒட்டிக்கொண்டு போகும் நரம்பு எது. மூன்றாவதாக, அந்த இடத்துக்கு மேலேயே பிரிந்து தப்பித்த கிளைகள் எவை. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் விடைகளை முதலில் படித்துவிட்டு, கேள்வியில் பழக்கமான சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ‘ஹியூமரஸ்’ என்று கண்ணில் பட்டால் ‘ரேடியல்’ என்று கை போய்விடும். ஹியூமரஸின் கழுத்தில் முறிந்தால் ஆக்ஸிலரி, நடுத்தண்டில் ரேடியல், உள்முனை பெயர்ந்தால் அல்னார். ஒரே எலும்புக்குள் மூன்று நரம்பு இருக்கும்போது எலும்பின் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

3. கேள்வி 1: மிச்சம் இருப்பது எது

*34 வயது விசைத்தறித் தொழிலாளி. இரவு ஷிப்டில் டீ குடிக்கும் நேரத்தில் மேஜையில் முழங்கையை ஊன்றிக் கைமடக்கும் போட்டி போட்டார். ‘டக்’ என்ற சத்தம், உடனே வலி. எக்ஸ்ரேயில் வலது ஹியூமரஸின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் சுருளாக ஓடும் முறிவு. காயம் இல்லை, நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. இவரிடம் கீழ்க்கண்டவற்றில் எது ஒழுங்காக இருக்கும்?*

அ. விரல்களை அடிமூட்டில் நீட்டுதல்
ஆ. பிரேக்கியோரேடியாலிஸ் சுருங்குதல்
இ. முழங்கையை நீட்டுதல்
ஈ. கட்டைவிரலைப் பின்னால் தூக்குதல்

விடை: இ.

கைமடக்குவதில் எலும்பு முறியுமா என்று ஒவ்வொரு முறையும் ஒருவராவது கேட்பார். முறியும். முழங்கை மேஜையில் ஊன்றி நிற்கிறது, தோள் ஒரு பக்கம் திருகுகிறது, எதிராளி முன்கையை இன்னொரு பக்கம் திருகுகிறார். நடுவில் மாட்டுகிற ஹியூமரஸ் துணி பிழிவது மாதிரி முறுக்கிக்கொண்டு, கீழ்ப்பகுதியில் சுருளாக உடைகிறது. ரேடியல் நரம்பு தடுப்பைத் துளைக்கும் இடமும் அதே உயரம்தான். மேலே தசை மெத்தையில் கிடந்த நரம்புக்கு இந்த இடத்தில் நகர்ந்து தப்பிக்க வழி கிடையாது, அதனால் எலும்பு விலகும்போது இழுபடுகிறது, சிலசமயம் துண்டுகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கிறது. ஹோல்ஸ்டீன்–லூயிஸ் முறிவு என்று 1963-லிருந்து பெயர் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்கள் படத்தை எடுங்கள். இந்த உயரத்துக்கு மேலேயே டிரைசெப்ஸின் கிளைகள் பிரிந்து போய்விட்டன, ஆக முழங்கையை நீட்டுவது மிஞ்சும். மற்ற மூன்று தசைகளுக்கும் போகும் வழி அடிபட்ட இடத்துக்குக் கீழே. இதே ஆளுக்கு அக்குளில் தாங்குகட்டை அழுத்தி வந்த வாதம் என்று கேள்வியை மாற்றினால் டிரைசெப்ஸும் போயிருக்கும்.

வார்டில் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. எலும்பு உடைந்து கிடக்கும் ஆளிடம் ‘என் கையை எதிர்த்துத் தள்ளுங்க’ என்று டிரைசெப்ஸைச் சோதிக்கிறார்கள். அவர் வலியில் தள்ளமாட்டார், இவர்கள் ‘டிரைசெப்ஸ் வீக்’ என்று எழுதுவார்கள், அடி திடீரென்று அக்குளுக்கு ஏறிவிடும். கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முழங்கை நுனிக்குச் சற்று மேலே உங்கள் இரண்டு விரலை வையுங்கள், லேசாக நீட்டப் பார்க்கச் சொல்லுங்கள். தசைநாண் விரலுக்கடியில் விறைத்தால் போதும், கை அசையவே வேண்டியதில்லை.

4. கேள்வி 2: இன்னொரு நரம்பும் போய்விட்டதா

*அதே நோயாளி. மணிக்கட்டு தொங்கிய நிலையிலேயே விரல்களை விரிக்கச் சொன்னபோது சரியாக விரிக்க முடியவில்லை. பிடியும் பலவீனம். சுண்டுவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. அடுத்து என்ன?*

அ. அல்னார் நரம்பும் அடிபட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும்
ஆ. மீடியன் நரம்பும் அடிபட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும்
இ. பிரேக்கியல் பிளெக்ஸஸ் ஸ்கேன் எடுக்க வேண்டும்
ஈ. மணிக்கட்டைத் தாங்கிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்

விடை: ஈ.

உங்கள் கையிலேயே செய்து பாருங்கள். மணிக்கட்டை முழுக்க மடக்கித் தொங்கவிட்டு இறுக்கமாக முஷ்டி மடக்குங்கள். முடியாது. விரல் மடக்கும் தசைகள் மணிக்கட்டைத் தாண்டி வருவதால், மணிக்கட்டு மடங்கியதும் அவை தளர்ந்துபோய் இழுக்க நீளமில்லாமல் நிற்கின்றன. விரல்களை விரிப்பதும் அதே மாதிரிதான், அடிமூட்டு தளர்ந்து மடங்கியிருக்கும்போது விரல்கள் சரியாக விரியாது. உள்ளங்கையை மேஜைமேல் தட்டையாக வைத்து, மணிக்கட்டை நேராக்கிவிட்டு விரிக்கச் சொன்னால் இவருடைய விரல்கள் அழகாக விரிந்தன. பிடியும் மணிக்கட்டைத் தாங்கிய உடனே வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம், நானே செய்தது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு கேஸில் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ‘விரலை நீட்டுங்க’ என்றேன், விரலின் நடுமூட்டும் நுனிமூட்டும் நன்றாக நீண்டன. மகிழ்ச்சியாக ‘ரேடியல் நரம்பு திரும்பி வருகிறது’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் சீனியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. நடுமூட்டையும் நுனிமூட்டையும் நீட்டுவதற்கு இன்டர்ஆசியஸ், லம்பிரிகல் போன்ற சின்னத் தசைகளே போதும், அவை அல்னார், மீடியன் நரம்புகளுடையவை. ரேடியல் நரம்பின் சாட்சி அடிமூட்டு மட்டும்தான். முஷ்டிக்கணுவைப் பாருங்கள், விரல் நுனியைப் பார்க்காதீர்கள்.

இவ்வளவையும் மாவுக்கட்டு போடுவதற்கு முன்பே சோதித்து, நேரத்தோடு எழுதிவிட வேண்டும். கட்டுக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்து வாதம் இருக்கிறது என்று கண்டால், அது விழுந்தபோது வந்ததா, நாம் எலும்பை இழுத்தபோது வந்ததா என்பதை அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கேள்விக்கு இது நேராகத் தேவைப்படும்.

5. கேள்வி 3: இப்போது என்ன செய்வது

*அதே நோயாளி, மூடிய முறிவு, வாதம் அடிபட்ட நிமிடத்திலிருந்தே இருக்கிறது. சரியான அடுத்த அடி எது?*

அ. உடனே திறந்து நரம்பைப் பார்த்தல்
ஆ. மறுநாள் காலை ஈ.எம்.ஜி.
இ. எலும்புக்குக் கட்டு, மணிக்கட்டுக்குத் தாங்கி, காத்திருந்து கவனித்தல்
ஈ. தசைநாண் மாற்று அறுவை

விடை: இ.

இந்த விடையைச் சொன்னால் நோயாளியின் வீட்டார் முகம் சுருங்கிவிடும். ‘நரம்பு கட் ஆயிருக்குன்னா சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்றீங்களே சார்’ என்று இவருடைய அண்ணன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மூடிய முறிவில் நரம்பு அறுந்திருப்பது அரிது. பெரும்பாலும் இழுபட்டோ நசுங்கியோ இருக்கும், உறை அப்படியே இருக்கும், தானாகத் திரும்பும். உடனே திறந்தால் நன்றாகத் தேறியிருக்கக்கூடிய நரம்பைக் கிளறியதுதான் மிச்சம்.

ஈ.எம்.ஜி. மறுநாள் எடுத்துப் பயன் இல்லை. நரம்பு இழை செத்தாலும் தசையில் அதன் அடையாளம் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்தால் லேசான அடியும் முழு அடியும் ஒரே மாதிரி தெரியும், காசும் நம்பிக்கையும்தான் போகும். மூன்று நான்கு வாரம் கழித்து எடுப்பது பின்னால் ஒப்பிட ஓர் அடித்தளமாக உதவும்.

விடை ‘அ’வாக மாறும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் ஒரே ஒரு சொல்லை மாற்றி இதைத்தான் கேட்பார்கள். காயம் திறந்து எலும்போடு தொடர்பு இருந்தால் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் எப்படியும் காயத்தைச் சுத்தம் செய்யப் போகிறோம், அறுந்திருக்கும் வாய்ப்பும் கூடுதல். கத்தி, கண்ணாடி வெட்டு என்றாலும் அப்படியே. இரத்தக்குழாய் அடிபட்டிருந்தாலும், வேறு காரணத்துக்காக பிளேட் வைக்க எலும்பைத் திறந்தாலும் நரம்பைப் பார்த்துவிடுவார்கள். எலும்பை இழுத்துச் சரிசெய்த பிறகு புதிதாக வரும் வாதத்துக்குப் பழைய புத்தகங்கள் ‘திறந்து பார்’ என்று சொல்லும், இப்போது பலர் அதையும் காத்திருந்து பார்க்கிறார்கள். கேள்வி எந்தக் காலத்துப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் மோப்பம் பிடிக்க வேண்டியதுதான்.

காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது இல்லை. மணிக்கட்டைச் சற்றே மேல்நோக்கி வைக்கும் தாங்கி போட்டால் பிடி உடனே உதவும் அளவுக்கு வந்துவிடும், அவர் தட்டைப் பிடித்துச் சாப்பிடலாம். அதோடு அடிமூட்டுகளை இன்னொரு கையால் தினமும் நீட்டிவிட வேண்டும். நரம்பு திரும்பி வரும்போது மூட்டு விறைத்துப் போயிருந்தால், தசை இழுத்தும் விரல் அசையாது.

6. கேள்வி 4: எதை எதிர்பார்த்துக் காத்திருப்பது

*அதே நோயாளி. நரம்பு தேறுகிறது என்பதற்கான முதல் தசை அடையாளம் எதில் தெரியும்?*

அ. கட்டைவிரலைத் தூக்கும் தசை
ஆ. ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டும் தசை
இ. எக்ஸ்டென்சர் கார்பி அல்னாரிஸ்
ஈ. பிரேக்கியோரேடியாலிஸ்

விடை: ஈ.

வளரும் நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. போகும். அடிபட்ட இடத்திலிருந்து எந்தத் தசை கிட்டத்தில் இருக்கிறதோ அதற்கு முதலில் போய்ச் சேரும். படத்தைப் பார்த்தால் அது பிரேக்கியோரேடியாலிஸ், அடுத்து எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ், அதாவது மணிக்கட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கடைசி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முறிவிலிருந்து பிரேக்கியோரேடியாலிஸுக்குள் நரம்பு நுழையும் இடம் 9 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இழைகள் புதிதாக வளர்ந்து வர 90 நாள், மூன்று மாதம். அதற்கு முன்பே தசை அசைந்தால் இழைகள் அறுபடவில்லை, வெறும் அதிர்ச்சிதான் என்று அர்த்தம். மூன்று நான்கு மாதம் கடந்தும் கையிலும் ஈ.எம்.ஜி.யிலும் ஒன்றும் தெரியாவிட்டால், அப்போது திறந்து பார்க்கும் பேச்சு வரும்.

இவருக்கு ஏழாவது வாரம் வந்தது. முழங்கையை செங்கோணத்தில் மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முன்கையை வைக்கச் சொல்லி, லேசான தடைக்கு எதிராக மடக்கச் சொன்னேன். முழங்கை மடிப்புக்கு வெளிப்பக்கம் தோலுக்கடியில் ஒரு கயிறு மாதிரி மெல்லப் புடைத்தது. அவருக்கே தெரியவில்லை, ‘விரல் இன்னும் தூக்கலையே சார்’ என்று விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்துச் சோதிக்காதீர்கள், பைசெப்ஸ் எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும், பிரேக்கியோரேடியாலிஸ் வேலை செய்கிறதா என்று தெரியாமலே போகும். பத்தாவது வாரம் மணிக்கட்டு எழுந்தது, கட்டைவிரல் ஆறாவது மாதம்.

7. கேள்வி 5: மணிக்கட்டு தொங்காத ரேடியல்

*8 வயதுப் பையன், மாங்காய் பறிக்க ஏறி விழுந்தான். அல்னா எலும்பின் மேல் மூன்றில் முறிவு, ரேடியஸின் தலை முன்பக்கம் விலகியிருக்கிறது. விரல்களை அடிமூட்டில் நீட்ட முடியவில்லை, மணிக்கட்டைத் தூக்குகிறான், ஆனால் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழுகிறது. உணர்ச்சி குறையவில்லை. எந்த நரம்பு?*

அ. ரேடியல், ஹியூமரஸ் பள்ளத்தில்
ஆ. பி.ஐ.என்.
இ. மேலோட்டமான ரேடியல் கிளை
ஈ. அல்னார்

விடை: ஆ.

மோன்டேஜியா முறிவு. விலகிய ரேடியஸ் தலை, அதன் கழுத்தை ஒட்டிச் சுற்றும் பி.ஐ.என்.ஐ இழுக்கிறது. எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸின் கிளை முழங்கைக்கு மேலேயே பிரிந்துவிட்டதால் மணிக்கட்டு எழும். சுண்டுவிரல் பக்கம் இழுக்கும் எக்ஸ்டென்சர் கார்பி அல்னாரிஸ் போய்விட்டதால் ஒருபக்கமாகச் சாயும். தோலுக்கான கிளை தனியாகப் போவதால் உணர்ச்சி தப்பும். ‘மணிக்கட்டு தொங்கவில்லை, ஆகவே ரேடியல் இல்லை’ என்று அல்னாரைக் குறிக்கிறவர்கள் நிறையப் பேர்.

நரம்பைவிட இங்கே அதிகம் தவறவிடுவது எலும்பைத்தான். அல்னா முறிவு கண்ணில் அடித்துவிடும், எக்ஸ்ரேயில் முழங்கை பாதிதான் விழுந்திருக்கும், ரேடியஸ் தலை விலகியதை யாரும் பார்க்க மாட்டார்கள். ரேடியஸின் கழுத்து வழியாக ஒரு கோடு போட்டால் எந்தக் கோணத்துப் படத்திலும் அது கேபிடெல்லத்தின் நடுவில் போக வேண்டும். போகவில்லை என்றால் விலகல் இருக்கிறது. தலையை உள்ளே வைத்துவிட்டால் நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தேறும்.

8. கேள்வி 6: அழும் குழந்தையின் முழங்கை

*6 வயதுப் பெண் குழந்தை, கையை ஊன்றி விழுந்தாள். ஹியூமரஸ் கீழ்முனையில் சுப்ராகாண்டிலார் முறிவு, கீழ்த்துண்டு பின்னாலும் வெளிப்பக்கமும் விலகியிருக்கிறது. விரல்நுனி உணர்ச்சி சரி. எதைச் சோதிக்கத் தவறக் கூடாது?*

அ. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை மடக்கி வட்டம் போடுதல்
ஆ. விரல்களை விரித்தல்
இ. முழங்கையை நீட்டுதல்
ஈ. தோளைத் தூக்குதல்

விடை: அ.

கீழ்த்துண்டு பின்வெளியாகப் போனால் மேல்துண்டின் கூர்முனை முன்பக்கம், உள்பக்கம் குத்தும். அங்கே இருப்பவை மீடியன் நரம்பும் பிரேக்கியல் தமனியும். மீடியனில் அதிகம் அடிபடுவது முன்புறக் கிளையான ஏ.ஐ.என்., அதற்குத் தோலில் பங்கே இல்லை. எனவே உணர்ச்சியை மட்டும் பார்த்துவிட்டு ‘நரம்பு சரி’ என்று எழுதினால் தவறிப்போகும். வட்டம் போடச் சொன்னால் நுனிமூட்டுகள் மடங்காமல் விரல்கள் தட்டையாகக் கிள்ளும்.

அழும் குழந்தையிடம் ‘நுனிமூட்டை மடக்கு’ என்றால் நடக்காது. விளையாட்டாகக் கேளுங்கள்: கல் (முஷ்டி, மீடியன்), காகிதம் (விரித்த கை, ரேடியல்), கத்தரி (அல்னார்), கடைசியில் ‘சூப்பர்’ என்று வட்டம். நீங்கள் செய்து காட்டினால் பாதிப் பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டுச் செய்யும்.

கீழ்த்துண்டு பின்னாலும் உள்பக்கமும் போயிருந்தால் கூர்முனை முன்வெளியாகத் திரும்பும், அது ரேடியல். முன்னால் விலகும் வகை அரிது, அதில் அல்னார். உள்பக்கமிருந்து கம்பி ஏற்றும்போதும் அல்னார்தான் ஆபத்தில் இருக்கும், அது அந்த முனைக்குப் பின்னாலேயே ஓடுகிறது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கட்டு போட்ட பிறகு குழந்தை ராத்திரி முழுக்க அழுது, விரல்களை நீட்டிவிட்டால் துடித்தால், நாடி கிடைக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். முன்கையில் அழுத்தம் ஏறுகிறது, நாடி நின்றுபோவது ரொம்பத் தாமதமாக வரும் அடையாளம். கட்டை உடனே பிரித்து, முழங்கையைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, சீனியரைக் கூப்பிட வேண்டும். மீடியன் நரம்பு முழுதாகவே அடிபட்ட குழந்தைக்கு அந்த வலி கூடச் சரியாகத் தெரியாமல் போகலாம், அவர்களை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

9. கேள்வி 7: நரம்பே இல்லாத கேள்வி

*55 வயதுப் பெண்மணி. விலகாத காலிஸ் முறிவு, கட்டு போட்டுப் பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று கட்டைவிரல் நுனி தொங்கிவிட்டது, வலி அவ்வளவாக இல்லை. மற்ற விரல்கள் அடிமூட்டில் நன்றாக நீள்கின்றன. காரணம்?*

அ. பி.ஐ.என். வாதம்
ஆ. மீடியன் நரம்பு நசுங்கல்
இ. கட்டைவிரலின் நீள நீட்டுத் தசைநாண் அறுதல்
ஈ. ஏ.ஐ.என். வாதம்

விடை: இ.

ஆறு கேள்வி நரம்பு நரம்பு என்று போட்ட பிறகு இதைக் கொடுத்தால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘அ’ என்று எழுதுவார்கள், அதற்காகவே கடைசியில் வைத்திருக்கிறேன். காலிஸ் முறிவோடு வரும் நரம்பு மீடியன், அது விரல்நுனிகளில் மரமரப்பாகக் காட்டும். கட்டைவிரல் நுனி மட்டும் திடீரென்று, தாமதமாக, தொங்கினால் அது தசைநாண். ரேடியஸின் பின்பக்கம் இருக்கும் சிறு மேட்டைச் சுற்றித்தான் அந்தத் தசைநாண் திரும்புகிறது. முறிவு விலகாததால் அதன் உறை கிழியாமல் அப்படியே இருக்கிறது, உள்ளே வீக்கம் சேர்ந்து இரத்த ஓட்டம் குறைந்து, நாண் நைந்துபோகிறது. அதனால்தான் இது விலகாத முறிவில் வருகிறது, கேட்பவர்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும்.

பிரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். உள்ளங்கையை மேஜையில் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். நாண் அறுந்திருந்தால் தூக்க முடியாது, மணிக்கட்டின் பின்பக்கம் கட்டைவிரல் அடியில் எழும் அந்தக் கயிறும் தெரியாது. அடுத்து அவருடைய மணிக்கட்டை நீங்களே மடக்குங்கள். வாதமாக இருந்தால் நாண் முழுதாக இருப்பதால் கட்டைவிரல் நுனி தானாக நீளும். அறுந்திருந்தால் தொங்கியபடியே கிடக்கும்.

சிகிச்சையில், அறுந்த இரண்டு முனைகளையும் இழுத்துத் தைப்பதில்லை. நைந்த முனை நூலைப் பிடிக்காது, தசையும் அதற்குள் சுருங்கிப்போயிருக்கும். ஆள்காட்டி விரலுக்கு நீட்டும் நாண் இரண்டு உண்டு, அதில் தனியாக ஓடும் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாற்றிவிடுகிறார்கள்.